பொருள்: ‘சீன்யரேஜ்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

துஷ்யந்தி, யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் வணக்கம். முதலாம் வருடப் பொருளியல் பிள்ளைகளுக்கான குறிப்பு வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். எட்டாம் பாடத்தில் இரண்டு சொற்கள் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன. அரசு செலவுக்குக் காசு போதாமல் புதிதாகக் காசை உண்டாக்கிப் பொருள்களை வாங்கினால், அப்படிக் கிடைக்கும் ஆதாயம் ‘சீன்யரேஜ்’. அதனால் எங்கள் கையிலுள்ள காசு தேய்வது ‘இன்ஃப்ளேஷன் டாக்ஸ்’. இரண்டாவதற்குப் ‘பணவீக்க வரி’ என்று போட்டுவிட்டேன். முதலாவதற்கு ‘நாணய உரிமைத்தொகை’ என்று எழுதி வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “ரீச்சர், உரிமைக்காரர் ஆர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. உதவுங்கள்.

கலைச்செல்வன், திருச்சி

அம்மா, இதற்கு எங்கள் பக்கம் ஏற்கனவே சொல் இருக்கிறது. கருங்கல், கிராவல் குவாரிக்காரர்கள் அரசுக்குக் கட்டுவது சீனியரேஜ் தொகைதான். உரிமைத்தொகை என்றே எழுதலாம், பிழையில்லை.

ரகு, வெள்ளவத்தை

கலைச்செல்வன், நீங்கள் சொல்வது வேறு. வேர் என்னவோ ஒன்றுதான். பழைய பிரெஞ்சில் சீன்யர் என்றால் நிலப்பிரபு. அவருக்குரிய பங்கு நிலத்திலிருந்தும் வந்தது, நாணயம் அடிக்கும் உரிமையிலிருந்தும் வந்தது. உங்களூரில் கல்லோடு நின்றுவிட்டது, துஷ்யந்திக்கு வேண்டியது காசு. ஆனபடியால் உரிமைத்தொகை வேண்டாம், தமிழ்நாட்டு வாசகர் மணல் லொறியைத்தான் நினைப்பார்.

அருள், ரொறன்ரோ

இவ்வளவு சுத்துவானேன்? ‘மறைவரி’ என்று வையுங்கள், முடிந்தது. பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பில்லை, பற்றுச்சீட்டில்லை, ஆனால் எடுக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். பெட்டிக்குள் ஒரு லட்சம் வைத்திருந்தவரிடம் எழுபதாயிரத்தை அரசு எடுத்துவிட்டது. காசு அடிக்கும் இயந்திரம்தான் வரி அதிகாரி.

பரமநாதன் மாஸ்டர், கோப்பாய்

‘மறைவரி’ ஆகாது தம்பி. நாங்கள் நேர்வரி, நேரில்வரி என்போம். தமிழகத்தார் பின்னதை மறைமுக வரி என்பார்கள். உமது சொல்லைப் பார்த்தவுடன் அவர்கள் ‘வற்’ வரி என்று எண்ணுவர்.

என் முன்மொழிவு: *கம்மட்டப்பேறு*. கம்மட்டம் என்றால் நாணயம் அடிக்கும் இடம். பேறு, பெறுவது. நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர் இருந்தது. சங்கப் புலவர் பெயர்களிலேயே அது உண்டு. நம் ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்துக் காசு அடித்தார்கள். அடித்தவனுக்கு ஒரு பங்கு இருந்திருக்கும்தானே? அநுராதபுரக் காலத்தில் பொன்னாக இருந்த கஹவணு பொலன்னறுவைக் காலத்தில் செம்புக்கு இறங்கியதும் இதே வேலைதான். பொன்னைக் குறைத்துச் செம்பைக் கூட்டி, மிச்சத்தை அரண்மனை எடுத்துக்கொள்வது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். உறுபொருள், உல்குபொருள், ஒன்னார்த் தெறுபொருள் என மூன்றே வேந்தன் பொருள் என்றார் வள்ளுவர் (குறள் 756). நாணயத்தால் வரும் ஆதாயத்தை அவர் சேர்க்கவில்லை. சேர்க்காதது மறதியா, வெறுப்பா என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

அருள், ரொறன்ரோ

மாஸ்டர், கம்மட்டம் பாகதம் என்று எங்கோ படித்த ஞாபகம். தனித்தமிழ் பேசுகிற நீங்கள் அதை எடுக்கலாமோ?

பரமநாதன் மாஸ்டர், கோப்பாய்

எங்கோ என்றால் எங்கே? கம்மியர், கம்மாலை, கம்மட்டம் எல்லாம் ஒரே குடும்பம். கன்மம் என்பதிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். தமிழிலிருந்து அங்கே போயிற்று என்பார் மறுசாரார். நான் மறுசாரார்.

ரகு, வெள்ளவத்தை

வேரை அவர்கள் பார்க்கட்டும். துஷ்யந்தி, சொல் வைக்க முதல் கணக்கைச் சரி பார்ப்போம், இல்லாவிட்டால் சொல்லும் பிழைக்கும்.

அருளின் எழுபதாயிரம் பிழை. விலை 69.8 வீதம் ஏறினால், முன்பு 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு இப்போது 169.80 வேண்டும். ஒரு லட்சத்தை 1.698ஆல் வகுத்தால் ஏறத்தாழ 58,900. தேய்ந்தது 41,100 ரூபா. அதுவே போதுமான அநியாயம், கூட்ட வேண்டியதில்லை.

அடுத்து, இயந்திரம். தாள் அடிப்பது கடைசிப் படி மட்டுமே. திறைசேரி 10 பில்லியனுக்கு உண்டியல் விற்க ஏலம் வைக்கிறது என்று வையுங்கள். வங்கிகளும் நிதியங்களும் 6 பில்லியனுக்குத்தான் கேட்கின்றன. அந்த 6 பழைய காசு. வாங்கியவர்கள் வேறொன்றை வாங்காமல் விட்டுத்தான் அதைக் கொடுத்தார்கள். மிச்சம் 4 பில்லியனை மத்திய வங்கி வாங்கினால், அரசின் கணக்கில் ஒரு வரவு எழுதுகிறது. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசு அதில் சம்பளம் கொடுக்கும், சீமெந்து வாங்கும். நாட்டில் உள்ள சீமெந்து அதே அளவு, கேட்பவரின் கையில் காசு கூடிவிட்டது. பிந்தி வாங்குபவருக்கு விலை ஏறும், அவருடைய மூட்டை குறையும். குறைந்த மூட்டைதான் அரசின் ஆதாயம். உண்டியலுக்குத் திறைசேரி வட்டி கட்டுமே என்பீர்கள். மத்திய வங்கியின் இலாபம் திரும்பவும் திறைசேரிக்கே வருவதால் அது ஒரு சட்டைப்பையிலிருந்து மறு சட்டைப்பை.

மத்திய வங்கியிடம் இருந்த திறைசேரி உண்டியல் 2019 இறுதியில் 100 பில்லியனுக்கும் குறைவு. 2022 இறுதியில் 2,500 பில்லியனுக்கும் மேல்.

யோகம், கொக்குவில்

தம்பி ரகு, உண்டியல் சட்டவிரோதம் என்று சொன்னார்களே, மத்திய வங்கியே வாங்குகிறதா? எங்கள் ஒழுங்கையில் ஒருவர் உண்டியலில் கனடாக் காசு எடுத்து விசாரணைக்குப் போய்வந்தவர்.

என்னுடைய கதையையும் சொல்கிறேன். 2021 செப்டெம்பரில் இளைப்பாறிய காசில் ஒரு லட்சத்தை ஒரு வங்கியில் ஆறு வீதத்துக்கு ஒரு வருட நிலையான வைப்பாகப் போட்டேன். முகாமையாளர் பிள்ளை “பாதுகாப்பு அன்ரி” என்றது. முடிந்தபோது 106,000 கையில். அரிசியும் தேங்காயெண்ணெயும் வாங்கப் போய்த்தான் விளங்கியது. அரசு என்னிடம் எடுத்தது எவ்வளவு?

ரகு, வெள்ளவத்தை

அக்கா, அது வேறு உண்டியல். இது அரசு எழுதிக் கொடுக்கும் குறுங்காலக் கடன்சீட்டு. பெயர் வைத்தவர்கள் யாழ்ப்பாணத்தாரைக் கேட்டிருக்கலாம்!

உங்கள் 106,000ஐ 1.698ஆல் வகுத்தால் ஏறத்தாழ 62,400. தேய்ந்தது 37,600. ஆனால் இதைப் பணவீக்க வரி என்று முழுக்க எழுத எனக்கு விருப்பமில்லை. பெட்டியிலுள்ள தாள் மத்திய வங்கியின் கடன், அது தேய்ந்தால் ஆதாயம் அங்கே போகும். உங்கள் வைப்பு வங்கியின் கடன். வங்கி அதை வேறொருவருக்குக் கொடுத்திருக்கும். வீடு கட்ட நிலையான வட்டிக்குக் கடன் எடுத்தவர் தேய்ந்த காசில் திருப்பிக் கட்டுகிறார், அவருக்கு வெற்றி. வங்கி உங்கள் காசில் திறைசேரி முறி வாங்கியிருந்தால் அரசுக்கும் வெற்றி, ஆனால் அது பழைய கடன் தேய்ந்த வெற்றி, புதுக் காசு உண்டாக்கிய ஆதாயமல்ல.

இன்னுமொன்று. அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. அதனால் எண்ணெய்க்கும் மாவுக்கும் கூடக் கொடுத்த பங்கு எங்கள் அரசின் கைக்கு வரவில்லை, வெளிநாட்டில் விற்றவருக்குப் போனது. 69.8 முழுவதையும் காசு அடித்ததன் தலையில் கட்ட முடியாது. எத்தனை பங்கு எதனால் என்று இன்னும் அடிபடுகிறார்கள்.

ஆகவே துஷ்யந்தி, இரண்டு சொல்லையும் ஒன்றாக்க வேண்டாம். ஒன்று பெறுபவர் பக்கம், மற்றது இழப்பவர் பக்கம். பொருளாதாரம் வளர்ந்து மக்கள் கூடக் காசு வைத்திருக்க விரும்பினால், விலை ஏறாமலே அரசுக்கு ஆதாயம் வரும், வரி இருக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. விலை பறக்கும்போது யாழ்ப்பாணத்தார் தாளை வைத்திருப்பார்களா? நகைக்கடைக்குப் போவார்கள். வரி விதிக்கத் தாள் குறைந்துவிடும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு அரசுக்குக் கிடைப்பது குறையும்.

துஷ்யந்தி, யாழ்ப்பாணம்

நன்றி ரகு அண்ணை, வகுப்புக்கு இதையே சொல்லப்போகிறேன். இரவிரவாக யோசித்ததில் ஒன்று தோன்றியது: *காசிறை*. அரசிறைக் கொள்கை, உள்நாட்டு இறைவரி எல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கம். ‘காசை இறைத்தல்’ என்ற தொனியும் சும்மா கிடைக்கிறது.

பரமநாதன் மாஸ்டர், கோப்பாய்

அழகுதான் பிள்ளை, ஆனால் சோழர் கல்வெட்டில் நெல்லாயம், காசாயம் என்று உண்டு. நெல்லாகக் கட்டும் வரி, காசாகக் கட்டும் வரி. காசிறையையும் அப்படித்தான் படிப்பார்கள். பேறு என்றால் அந்த மயக்கம் இல்லை.

அருள், ரொறன்ரோ

‘அச்சூதியம்’? ஊதியம் என்றால் ஆதாயம். குறளிலும் அப்படித்தானே, மாஸ்டர்?

ரகு, வெள்ளவத்தை

அச்சகத் தொழிலாளரின் சம்பளம் என்று எழுதுவான் பிள்ளை, பரீட்சையில் நான்தான் திருத்த வேண்டும். ‘நாணய ஆக்க வருவாய்’ என்று போடுங்கள். இலங்கைப் பாடநூல்களில் நாணயக் கொள்கை என்ற வழக்கு இருப்பதால் நாணயம் என்பது சில்லறையை மட்டும் குறிக்காது. நீளம்தான், ஆனால் கேட்டவுடன் விளங்கும்.

கலைச்செல்வன், திருச்சி

எங்களுக்கு நாணயம் என்றால் காசு, இல்லையென்றால் நேர்மை. ‘நாணய ஆக்கம்’ என்றால் நேர்மையை வளர்ப்பது மாதிரி இருக்கிறது. இருந்தாலும் குவாரியை விட நல்லது, என் வாக்கு அதற்கே.

யோகம், கொக்குவில்

எனக்கும் அதுவே விளங்குகிறது. அப்ப இனி அவர்கள் காசு அடிக்க மாட்டார்களோ?

ரகு, வெள்ளவத்தை

2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய வங்கிச் சட்டம், அரசு விற்கும் உண்டியலை ஏலத்திலேயே நேரடியாக வாங்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது, அக்கா. பிறர் வாங்கியதைச் சந்தையில் பிறகு வாங்கலாம். இது எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

துஷ்யந்தி, யாழ்ப்பாணம்

என்னையும் சேர்த்து நாலு பேர். குறிப்பில் ‘நாணய ஆக்க வருவாய்’, ‘பணவீக்க வரி’ என்று போட்டுவிட்டேன். அருளின் மறைவரியை வகுப்பில் வாயால் சொல்வேன், எழுத்தில் இல்லை. யோகம் அன்ரியின் 106,000 கணக்கைப் பெயர் இல்லாமல் பயிற்சி வினாவாகச் சேர்க்கலாமா?

பரமநாதன் மாஸ்டர், கோப்பாய்

மூன்று சொல் சேர்ந்தது விளக்கம், கலைச்சொல் அல்ல. என் மறுப்பைப் பதிவில் வைக்கவும். அடிக்குறிப்பில் கம்மட்டப்பேறு என்று ஒரு வரி போட இடமிருக்குமா பிள்ளை?

துஷ்யந்தி, யாழ்ப்பாணம்

பக்கம் முடிந்துவிட்டது சேர். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

யோகம், கொக்குவில்

சேர்க்கலாம் பிள்ளை. விடையை எனக்கும் அனுப்பு, அந்த முகாமையாளர் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.