‘நாலு மணி லெவல்’: தமிழில் எப்படிச் சொன்னால் தவறு வராது?

மயிலாடுதுறை, கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். வட்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கான நச்சு சிகிச்சைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாராசிட்டமால் அதிகமாக விழுங்கியவருக்கு, அந்த மருந்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதை ஒரு வரைபடத்தில் வைத்து, அதிலுள்ள கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று கண்டு, அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்தை ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். அந்த வரைபடத்தை நோமோகிராம் என்கிறார்கள். விழுங்கி நாலு மணி நேரம் ஆனபின் எடுக்கிற இரத்தத்தை ‘நாலு மணி லெவல்’ என்கிறார்கள். முதலாவதற்கு ‘நெறிவரைபடம்’, இரண்டாவதற்கு ‘நான்காம் மணி அளவு’ என்று போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் குறை சொல்லுங்கள்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘நெறிவரைபடம்’ நல்ல ஆக்கம். ‘நோமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு விதி, நெறி என்பதே பொருள். ‘நான்காம் மணி’ என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தமிழில் மணி என்றால் கடிகாரம் காட்டும் மணி. கழிந்த பொழுதைச் சொல்ல நாழிகை இருக்கிறதே! ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால் நான்கு மணி நேரம் பிசகில்லாமல் பத்து நாழிகை. ‘பத்து நாழிகை அளவு’ என்றால் கடிகாரத்தோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

நாகப்பட்டினம், செவிலியர்:

ஐயா, நாழிகைக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இரவுப் பணியில் நாழிகையை மணியாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் சொன்ன ஐயம்தான் பெரிய ஆபத்து, அதை விட்டுவிடாதீர்கள்.

‘நாலு மணி லெவல் எடுத்துடுங்க’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதைச் சாயங்காலம் நாலு மணி என்றே எடுத்துக்கொள்வார். தமிழில் அப்படித்தானே காதில் விழும்? விழுங்கியது மதியம் இரண்டரைக்கு என்றால் அந்த இரத்தம் ஒன்றரை மணி நேரத்திலேயே எடுத்ததாகிவிடும். விழுங்கியது காலை ஏழுக்கு என்றால் ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கும். ரெண்டுமே ‘நாலு மணி லெவல்’ என்றுதான் படிவத்தில் ஏறும்.

‘அளவு’ என்பதும் வேண்டாம். ‘பாராசிட்டமால் அளவு’ என்ற கட்டத்தில் ஒருவர் எத்தனை மாத்திரை என்று எழுதுவார், இன்னொருவர் லேப் ரிசல்ட்டை எழுதுவார். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சொல் ‘மட்டம்’. மேட்டூர் நீர்மட்டம் என்று செய்தியில் சொல்லும்போதுகூட, காலை எட்டு மணி நிலவரப்படி என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நேரம் இல்லாத மட்டத்தை வைத்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. இதற்கும் அதே சொல் பொருந்தும்.

திருவாரூர், ஆய்வக நுட்பர்:

‘மட்டம்’ வேண்டாம். மட்டமான சரக்கு என்று அர்த்தம் வரும். ஒரு மில்லி லிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் என்று அளப்பதால் ‘செறிவு’தான் சரி. பாடப்புத்தகத்திலும் அதுவே.

இன்னொன்று. நாலு மணி நேரம் காத்திருப்பது எதற்கு? இரண்டாம் மணி நேரத்திலேயே எடுத்துவிட்டால் எங்களுக்கும் மாதிரி சீக்கிரம் வரும். கோட்டை இடதுபக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டால் போதும். கோட்டுக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே. நேரம் மிச்சம்.

தஞ்சாவூர், அவசரப் பிரிவு மருத்துவர்:

செறிவு என்பதை ஏற்கிறேன். இடதுபக்கம் நீட்டுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்தக் கோடு நாலாவது மணி நேரத்தில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன் வயிற்றிலும் குடலிலும் மாத்திரை கரைந்து உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாம் மணி நேரத்தில் குறைவாக வந்த எண் அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏறலாம். கூடவே சளி மாத்திரையோ ஓபியம் வகை வலி மருந்தோ விழுங்கியிருந்தால் குடல் மந்தமாகி, உறிஞ்சுவது இன்னும் தள்ளிப்போகும். ஏறிக்கொண்டிருக்கும் எண்ணை, இறங்குவதற்காக வரைந்த கோட்டில் வைத்தால் அது எதையும் சொல்லாது.

செவிலியர் அக்கா சொன்ன ‘நாலு மணி’ குழப்பத்தை எண்ணோடு பாருங்கள். ஒருவர் காலை 7:00 மணிக்கு, ஒரே தடவையில் விழுங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் எடுத்தது சாயங்காலம் 4:00. முடிவு மில்லி லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். படிவத்தில் ‘நாலு மணி லெவல்’ என்று இருப்பதால் மருத்துவர் வரைபடத்தில் 4-க்கு நேரே பார்க்கிறார். அங்கே கோடு 150-ல் இருக்கிறது. 80 கீழே இருப்பதால் மருந்து வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்.

உண்மையில் ஆகியிருப்பது ஒன்பது மணி நேரம். கோடு ஒவ்வொரு நாலு மணி நேரத்துக்கும் பாதியாக இறங்கும். 4-ல் 150, 8-ல் 75, 12-ல் 37.5. இடையில் உள்ள நேரத்துக்கு, t என்பது விழுங்கி ஆன மணி நேரம் என்றால்:

```
150 × 2^((4 − t) / 4)
```

9-ஐப் போட்டால் சுமார் 63 வரும். 80 அதற்கு மேலே. இவருக்கு மருந்து கட்டாயம் வேண்டும். ஆய்வகம் தவறவில்லை, வரைபடமும் தவறவில்லை. படிவத்தில் இருந்த ஒரு சொல்லால் கல்லீரல் போயிருக்கும்.

எட்டு மணி நேரத்துக்குள் அசிட்டைல்சிஸ்டைன் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுதாகக் காப்பாற்றலாம். அதற்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். எனவே இந்த நோயாளிக்குச் சாயங்காலம் 3:00 மணிக்குள் முடிவு கைக்கு வராது என்று தெரிந்தவுடனேயே மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டும். மாதிரியை வெளியூருக்கு அனுப்பும் வட்ட மருத்துவமனைக்கு இது இன்னும் முக்கியம். தொடங்கிவிட்டுக் காத்திருங்கள், முடிவு கோட்டுக்குக் கீழே வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

திருவாரூர், ஆய்வக நுட்பர்:

உறிஞ்சும் கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன் சார். என் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. சில ஆய்வகங்கள் டெசி லிட்டருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன. அதில் நீங்கள் சொன்ன 80 என்பது 8 என்று அச்சாகும். அலகைப் பார்க்காமல் 8 என்று கோட்டில் வைத்தால் அடியிலேயே கிடக்கும். பத்தால் பெருக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். கையேட்டில் செறிவு எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகுக்கும் கட்டம் போடுங்கள்.

நாங்கள் அச்சிடும் நேரம் பெரும்பாலும் மாதிரி எங்களிடம் வந்த நேரம், அல்லது முடிவு வெளியான நேரம். இரத்தம் எடுக்க ஊசி குத்திய நேரம் எங்களுக்குத் தெரியாது. குழாயில் செவிலியர் எழுதினால்தான் உண்டு.

மன்னார்குடி, வாசகர்:

கலைச்சொல்லைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, மன்னிக்கவும். அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். 650 மாத்திரை நாலு வேளை. கூடவே கடையில் கொடுத்த சளி மாத்திரை மூன்று வேளை. அதிலும் பாராசிட்டமால் 500 இருப்பதை இன்றுதான் அட்டையில் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல். கடைசி மாத்திரை போட்டு நாலு மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது இரத்தம் எடுத்தால் கோடு சொல்லிவிடுமா?

தஞ்சாவூர், அவசரப் பிரிவு மருத்துவர்:

அம்மாவை இப்போதே பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டு மாத்திரையையும் நிறுத்துங்கள், இரண்டு அட்டையையும் கையில் கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு 4.1 கிராம் ஆகியிருக்கிறது. வயதானவர், சாப்பாடும் இல்லை.

அந்தக் கோடு இவருக்குப் பேசாது. அது ஒரே தடவையில், தெரிந்த நேரத்தில் விழுங்கியவருக்கு மட்டும். நாட்கணக்கில் சேர்ந்தவருக்கு இரத்தத்தில் மருந்து குறைந்திருக்கும்போதே கல்லீரல் பாதித்திருக்கலாம். பாராசிட்டமால் செறிவோடு ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எது உயர்ந்திருந்தாலும் மருந்து தொடங்குவார்கள். கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால், மூன்று நாளாகச் சாப்பிட்டது என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம், செவிலியர்:

போனதும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி.

மருத்துவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. ‘காலையில ஆறுலேருந்து எட்டுக்குள்ள எப்பவோ’ என்றுதான் வீட்டார் சொல்வார்கள். அப்போது எந்த நேரத்தை எழுதுவது?

தஞ்சாவூர், அவசரப் பிரிவு மருத்துவர்:

இரண்டையும் எழுதுங்கள், இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ஊசி குத்தப் பிந்திய நேரத்திலிருந்து எண்ணுங்கள். எட்டு மணிக்கு விழுங்கியிருந்தாலும் நாலு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதால் பகல் 12-க்கு முன் குத்தாதீர்கள். கோட்டில் வைக்க முந்திய நேரத்திலிருந்து எண்ணுங்கள். ஆறிலிருந்து 12 வரை ஆறு மணி நேரம், அங்கே கோடு சுமார் 106. இப்படிச் செய்தால், தவறினாலும் தேவையில்லாமல் மருந்து கொடுத்த தவறாகத்தான் முடியும். எட்டு மணி நேரக் கெடுவையும் முந்திய நேரத்திலிருந்தே எண்ணுங்கள். ஒரே தடவையில் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருந்தால், பிரிட்டனில் கோட்டையே பார்ப்பதில்லை, நேரே மருந்துதான்.

எந்தக் கோடு என்பதையும் கையேடு சொல்லியாக வேண்டும். 1975-ல் ரூமாக், மேத்யூ இருவரும் வெளியிட்ட கோடு 200-ல் தொடங்கியது. பிறகு பாதுகாப்புக்காக 150-க்கு இறக்கினார்கள். பிரிட்டனில் 2012 முதல் 100. நான் 150-ஐப் பின்பற்றுகிறேன். 100-ஐப் பின்பற்றும் நண்பர்களோடு இதில் எனக்கு உடன்பாடு வந்ததில்லை. கோட்டின் பெயர் வெறும் ‘கோடு’ என்று இருக்கக் கூடாது, ‘150 கோடு’, ‘100 கோடு’ என்றே இருக்கட்டும்.

‘நெறிவரைபட’த்தைப் பற்றி. நோமோகிராம் என்று முறையாகச் சொல்வது, இரண்டு அளவுகோலுக்குக் குறுக்கே அடிமட்டம் வைத்து மூன்றாவதில் விடை படிப்பது. இந்தத் தாளில் அப்படி எதுவும் இல்லை. நேரம் ஓர் அச்சில், செறிவு மற்றொன்றில், நடுவே ஒரு கோடு. பெயரை மூலத்திலிருந்து தமிழாக்குவதைவிடத் தாள் செய்கிற வேலையைச் சொன்னால் போதும். ‘சிகிச்சைக்கோடு’ என்பேன். செறிவு அச்சு மடக்கை முறையில் இருப்பதைக் கையேடு கட்டாயம் சொல்லட்டும். 10-க்கும் 100-க்கும் நடுப்புள்ளி அதில் 55 இல்லை, சுமார் 32. கண்மதிப்பில் புள்ளி வைப்பவர்கள் வழுக்குவது அங்கேதான்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சிகிச்சைக்கோடு, உடன்படுகிறேன். நாழிகையையும் விட்டுவிடுகிறேன். கழிந்த நேரத்துக்குக் ‘கழிநேரம்’ என்று வைக்கலாமா?

நாகப்பட்டினம், செவிலியர்:

மருத்துவமனைத் தாளில் ‘கழி’ என்று பார்த்தால் கழிப்பறை, கழிவு என்றுதான் மனம் போகும் ஐயா. நோயாளியின் வீட்டாரிடம் நாங்கள் கேட்பது ‘முழுங்கி எத்தனை மணி நேரம் ஆச்சு?’ அதையே வைத்தால் என்ன? ‘ஆன நேரம்’.

மயிலாடுதுறை, கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் படிவம் இப்படி வருகிறது. ‘விழுங்கிய நேரம்: முந்தியது, பிந்தியது’. ‘ஊசி குத்திய நேரம்’. ‘ஆன நேரம்’. ‘செறிவு, அலகு’. ‘எந்தச் சிகிச்சைக்கோடு’. நேரமெல்லாம் இரயில்வே முறையில், 16:00 என்று. ‘நாலு மணி லெவல்’ என்ற இடத்தில் ‘4 மணி நேரம் ஆனபின் செறிவு’. நீளம்தான், ஆனால் சாயங்காலத்தோடு குழம்பாது. செறிவா மட்டமா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆய்வகத் தாளில் செறிவு என்றும், வார்டுப் பலகையில் மட்டம் என்றும் இருந்தால் இரண்டும் வேறு வேறு என்று ஒருவர் நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

மன்னார்குடி, வாசகர்:

அம்மாவைச் சேர்த்துவிட்டார்கள். செறிவு குறைவுதான். ஏ.எல்.டி. உயர்ந்திருக்கிறது என்று மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நாள் சாப்பிட்டதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பரிசோதனையைச் சேர்த்தார்கள். படிவத்தில் ‘ஒரே தடவையா, பல தடவையா’ என்ற கட்டமும் இருக்கட்டும். அதை எல்லாவற்றுக்கும் முதலில் போடுங்கள்.