கை மைக்: விருந்தினர் பேர் வரும்போது மட்டும் குரல் காணாம போகுது

காகிதக்கப்பல்:
எங்க கூட்டங்கள்ல பேச வர்றவங்களை அறிமுகப்படுத்துறது என் வேலை. ரெண்டு நிமிஷம்தான். போன கூட்டத்தோட பதிவைக் கேட்டா வெட்கமா இருக்கு. "வணக்கம்" சொன்னது "ணக்கம்"னு விழுந்திருக்கு. அட்டையைப் பார்த்துப் படிக்கப் படிக்க குரல் தேயுது. ஸ்பீக்கர் ஒரு தடவை "கீ..."ன்னு கத்துது. கடைசியில விருந்தினர் பேரைச் சொல்ற இடத்துல கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. வலது கையில வயர்லெஸ் மைக், இடது கையில குறிப்பு அட்டை. நல்லா சத்தமாத்தான் பேசினேன். காலர் மைக்குக்கு மாறிடட்டுமா?

பழைய தொண்டை:
மைக்கை உதட்டோட ஒட்டிப் பிடிங்க, அவ்வளவுதான். மேடைப் பாடகர்கள் எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பாருங்க.

ஃபேடர்விரல்:
கிட்ட வைக்கணும்ங்கிறது சரி. ஆனா ஒட்ட வச்சா அடிக்குரல் வீங்கி, பேச்சு மந்தமாயிடும். "பெருமதிப்புக்குரிய பேராசிரியர்"னு ஆரம்பிச்சா ஒவ்வொரு "ப"வுக்கும் ஸ்பீக்கர்ல "தொம்"முனு ஒரு அடி விழும். (அறிமுக உரை எழுதுறவங்களுக்கு "ப" மேல என்ன பாசமோ!) உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவுல மூணு விரல் படுக்கிற இடம் விடுங்க, சுமார் 5 செ.மீ. மைக்கை வாய்க்கு நேரா நீட்டாம, கொஞ்சம் கீழே இருந்து வாயைப் பார்த்துச் சாய்ச்சுப் பிடிச்சா மூச்சு அதுக்கு மேல போயிடும்.

உங்க பிரச்சினை அட்டையில ஆரம்பிக்குதுன்னு தோணுது. கண்ணு அட்டைக்குப் போனதும் மைக் பிடிச்ச கை தன்னால இறங்கும். 5 செ.மீ. 20 ஆனா தூரம் ரெண்டு தடவை இரட்டிக்குது. ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறையும், மொத்தம் 12. ஆபரேட்டர் அந்த 12-ஐ ஏத்துவார். உங்க குரலோட ஸ்பீக்கர் சத்தமும் சேர்ந்து மைக்குக்குள்ள திரும்பி வரும், அதான் கீ. கத்துறதுக்கு முன்னாடி பதிவுல கூடத்துச் சத்தம் கூடுதான்னு கேட்டுப் பாருங்க.

காகிதக்கப்பல்:
ஆமாங்க! யாரோ நாற்காலி இழுக்கிறது அதுக்கு முன்னாடி தெளிவா கேட்குது. பேர் மட்டும் ஏன் போச்சு?

ஃபேடர்விரல்:
பேர் சொல்லும்போது விருந்தினர் பக்கம் திரும்பினீங்களா? முகம் திரும்பியிருக்கும், மைக் பழைய இடத்துலயே நின்னிருக்கும். முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு, தலையோட சேர்ந்து தோளும் திரும்புற மாதிரி பழகுங்க. அதைவிடச் சுலபம், பேரைச் சபையைப் பார்த்தே முழுசா சொல்லி முடிச்சிட்டு அப்புறம் திரும்புறது. மைக்கோட வலைத் தலையைக் கையால பொத்திப் பிடிக்காதீங்க, அதுவும் கத்த வைக்கும்.

கேமராக்காரி:
நான் பாடம் பதிவு பண்ண காலர் மைக்தான் வைக்கிறேன். தாடையில இருந்து ஒரு சாண் கீழே குத்திட்டா பிரச்சினையே இல்ல. துணி உரசாம பார்த்துக்கணும், கழுத்துல தொங்குற அட்டை மோதக்கூடாது.

ஃபேடர்விரல்:
உங்க அறையில ஸ்பீக்கர் இல்லையேம்மா. கூடத்துல அந்த ஒரு சாண் தூரமே சுமையாயிடும், காலர் மைக் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேட்கிற ரகம் வேற. கை மைக் அளவுக்குச் சத்தம் வைக்கப் போனா சீக்கிரமே கத்தும். ஒரு பக்கமா தலையைத் திருப்பினா அதுலயும் குரல் இறங்கும்.

பழைய தொண்டை:
கை நடுங்குறவங்களுக்குக் காலர் மைக்தான் நல்லதுன்னு நான் இப்பவும் சொல்வேன்.

காகிதக்கப்பல்:
எனக்குக் கை நடுங்காது, வாய்தான் அவசரம். "ணக்கம்" விஷயம் என்ன?

ஃபேடர்விரல்:
சுவிட்சைப் போட்ட கையோட பேசியிருப்பீங்க. சில வயர்லெஸ் மைக்ல ஒலி வர கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆபரேட்டரும் ஃபேடரை ஏத்தணும். மைக்கை வாங்கி, விளக்கைப் பார்த்து, வாய்க்கிட்ட கொண்டுபோய் நிறுத்துங்க. மனசுக்குள்ள ரெண்டு எண்ணி, அப்புறம் வாயைத் திறங்க. தட்டவோ ஊதவோ வேண்டாம்.

பழைய தொண்டை:
பேச்சு நின்னதும் மைக்கைத் தானா அடைக்கிற கேட்டை மிக்சர்ல போட்டிருந்தாலும் முதல் எழுத்து வெட்டுப்படும். அப்போ எத்தனை எண்ணினாலும் அந்தப் பிரச்சினை தீராது.

ஃபேடர்விரல்:
அதுவும் நடக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கு அப்புறமும் முதல் எழுத்து போகுதான்னு பதிவுல பாருங்க. போனா ஆபரேட்டர்கிட்ட கேளுங்க.

காகிதக்கப்பல்:
நேத்து ஒத்திகை. சபையைப் பார்த்தே பேரைச் சொன்னேன், கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாம். அட்டையையும் மைக் உயரத்துக்குத் தூக்கிப் பிடிச்சேன், கீ வரல. ரெண்டு எண்ணினதுல "வணக்கம்" முழுசா வந்துச்சு. ஆனா நடுவுல மூச்சு வாங்கிட்டு "இவர்"னு ஆரம்பிச்ச இடத்துல "வர்"னுதான் பதிஞ்சிருக்கு. ஆபரேட்டர் கேட் எதுவும் போடலைங்கிறார்.

பழைய தொண்டை:
மிக்சர் படத்தைப் போடுங்க, பார்ப்போம்.