உதவி: ஒடியல் மா கட்டுரைக்கு பிரீஃப் குடுத்தும் வந்த வரைவு பாவிக்கேலாமல் கிடக்கு

ஒட்டுசுட்டான்_பனை

வணக்கம். எங்கட இணையக் கடைக்கு ஒரு கட்டுரை எழுத வெளியால ஒராளைப் பிடிச்சனாங்கள். பிரீஃப் குடுத்துத்தான் எழுதினவர். ஆனால் வந்த வரைவில ஒரு பந்தியும் எடுக்கேலாது, முழுக்கத் திருப்பி எழுத வேண்டிக் கிடக்கு. ஆள் நல்லா எழுதக்கூடியவர், வேற இடங்களில எழுதினதை வாசிச்சிட்டுத்தான் குடுத்தது. பிரீஃபில என்னென்ன போட்டால் முதல் வரைவே பாவிக்கிற மாதிரி வரும்? ஆரிட்டயும் மாதிரி இருந்தாப் போடுங்கோ. கொஞ்சம் அவசரம்.

கிளிநொச்சி_இணையம்

கீவேர்ட் குடுத்தனீங்களோ? அதுதான் முதல் பிரச்சினையா இருக்கும். பிரதான கீவேர்ட் ஒண்டு, பக்கக் கீவேர்ட் அஞ்சாறு, எது தலைப்பில வரோணும், எது முதல் பந்தியில வரோணும் எண்டு எழுதிக் குடுத்தால் ஆள் வழி தவறாது. கூகிளில முதலாவதா நிக்கிற மூண்டு கட்டுரையின்ர இணைப்பையும் சேர்த்துக் குடுங்கோ, "இதைவிட நல்லா வேணும்" எண்டு.

பழைய_கை

இந்தக் கேள்வி இங்க ஓயாமல் வருது. கேக்கமுதல் தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. பிரச்சினை பிரீஃபில இல்லை, ஆளில. அனுபவம் உள்ள எழுத்தாளருக்கு ரெண்டு வரி காணும். குறைஞ்ச காசுக்கு ஆள் பிடிச்சால் எத்தினை பக்கம் பிரீஃப் எழுதினாலும் இதுதான் வரும்.

வவுனியா_எழுத்து

தம்பி, என்ன பிரீஃப் குடுத்தனீங்கள், என்ன வந்தது எண்டு தெரியாமல் ஒருத்தராலயும் சொல்லேலாது. குடுத்ததை ஒரு எழுத்தும் மாத்தாமல் இங்க ஒட்டுங்கோ. கட்டுரையை ஆர் வாசிக்கோணும், வாசிச்சு முடிச்சு அவர் என்ன செய்யோணும் எண்டதையும் சொல்லுங்கோ. எழுதினவர் எந்த ஊர்?

பரந்தன்_மிளகாய்

எங்களுக்கும் இதே கரைச்சல். மிளகாய்த்தூள் பக்கெட்டுக்கு லேபிள் செய்யக் குடுத்தனாங்கள், பெடியன் நாங்கள் சொன்ன நிறத்தை விட்டிட்டு வேற நிறத்தில செய்து கொண்டந்தான். அதுக்குப் பிறகு பழைய பக்கெட் ஒண்டைக் கையில குடுத்து "இதைப் போல" எண்டு காட்டித்தான் வேலை செய்விக்கிறது. நீங்களும் ஒரு மாதிரியைக் காட்டுங்கோ.

ஒட்டுசுட்டான்_பனை

குடுத்தது இவ்வளவுதான்:

"தலைப்பு: ஒடியல் மாவின் நன்மைகள். நீளம் 1000 சொல். எளிய தமிழ், வாசிக்க ஆர்வமாக இருக்க வேண்டும். கீவேர்ட்: ஒடியல் மா. முடிவில் எங்கள் மாவைப் பற்றிச் சொல்லவும்."

வந்த வரைவில அரைவாசி பனைமரத்தின்ர பெருமை, கற்பகதரு எண்டெல்லாம். பிறகு கிழங்கை அவிச்சுக் காயவிட்டு இடிச்சால் ஒடியல் மா எண்டு எழுதியிருக்கு. அது புழுக்கொடியல்! ஒடியல் பச்சையாக் கீறிக் காயவிடுறது. பிறகு நீரிழிவு மாறும், இரத்தம் சுத்தமாகும் எண்டு ஒரு பெரிய பகுதி. கூழைப் பற்றி ஒரு வரிதான். ஆள் சென்னை. எங்கட மாவை வாங்கிறது கூடுதலா கனடா, லண்டன் ஆக்கள். கீவேர்ட் எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு அண்ணை, அதில குறை இல்லை.

வவுனியா_எழுத்து

இப்பதான் விளங்குது. நான் இந்தப் பக்கம் இருந்து, எழுதிக் குடுக்கிற ஆளாச் சொல்லுறன். "நன்மைகள்" எண்டு மட்டும் வந்தால் எனக்கும் கூகிளைத் தவிர வேற வழி இல்லை. அங்க இருக்கிறது பனையின்ர பெருமையும் நீரிழிவும்தான், அதைத்தான் வேற சொல்லில திருப்பித் தருவன். உங்கட ஆள் பிரீஃபை மீறேல்ல, அதில இருந்த இடைவெளியை நிரப்பியிருக்கிறார். அவருக்கு ஒடியல் தெரியாது எண்டதும் பெரிய குறை இல்லை, தெரிஞ்ச ஆக்கள் உங்கட இடத்தில இருக்கினம். அவைக்குத் தெரிஞ்சதை அவரிட்டக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் பிரீஃபின்ர வேலை.

முதல், வாசிக்கிற ஆள் ஒராளா இருக்கோணும். "வெளிநாட்டுத் தமிழர்" எண்டு எழுதாதேங்கோ. இப்பிடி எழுதுங்கோ: "வாசகர் சின்ன வயதில ஊரில ஒடியல் கூழ் குடிச்சவர், தானாக் காய்ச்சினதில்லை. மா வாங்கினால் வீணாப் போகுமோ எண்டு யோசிக்கிறார். வாசிச்சு முடிய, இந்தச் சனிக்கிழமை காய்ச்சலாம் எண்ட துணிவோட அரைக் கிலோ பக்கெட்டை வாங்கோணும்." இதை வாசிக்கிற எழுத்தாளர் பனையின்ர பெருமையில தொடங்கவே மாட்டார். அந்த வாசகருக்கு அது தேவையில்லை எண்டு அவருக்கே தெரியும்.

அடுத்தது உபதலைப்புகள். அதுகளைச் சொல்லா வைக்காமல் கேள்வியா வையுங்கோ. ஒவ்வொரு கேள்விக்குக் கீழயும் விடைக்கான சரக்கை நீங்களே போடோணும். உங்கட கட்டுரைக்கு ஒரு பகுதியை எழுதிக் காட்டுறன்:

"பகுதி 2. கேள்வி: கூழ் ஏன் கச்சலா வருது, அதை எப்பிடித் தவிர்க்கிறது? ஏறக்குறைய 200 சொல். கட்டாயம் வரவேண்டியவை: ஒடியல் பச்சைக் கிழங்கைக் கீறிக் காயவிட்டது, அதால மாவில இயல்பாவே கச்சல் இருக்கும். புழுக்கொடியல் அவிச்சுக் காயவிட்டது, அது வேற. இரண்டையும் கலக்க வேண்டாம். மாவை நிறையத் தண்ணியில ஊறவைச்சு, மா அடியில தங்கின பிறகு மேல் தண்ணியை ஊத்தவேணும். (எவ்வளவு நேரம், எத்தினை தரம் எண்டதை எங்கட அம்மா ஒருவர் சொன்ன ஒலிப்பதிவில கேளுங்கள், இணைத்திருக்கு.) வரக்கூடாதவை: நோய் மாறும் எண்ட எந்த வசனமும். படம்: ஊறவைச்ச சட்டி, நாங்கள் தருவம்."

இப்பிடி நாலு, அஞ்சு கேள்வி காணும். அந்த ஒலிப்பதிவு மிச்சம் முக்கியம். மா இடிக்கிற அம்மா ஒராளிட்ட இந்தக் கேள்வியளைக் கேட்டு, ஃபோனிலயே பதிஞ்சு வாட்ஸ்அப்பில அனுப்பிவிடுங்கோ. நல்ல எழுத்தாளர் அந்த அம்மா பாவிக்கிற சொல்லையே பிடிச்சு எழுதுவார், சென்னை நடை எண்ட பிரச்சினையும் பாதி குறையும்.

நோய் பற்றின வசனத்தைச் சும்மா சொல்லேல்ல. கனடாவில ஒரு சாப்பாட்டுச் சாமான் நீரிழிவை மாத்தும் எண்டு விளம்பரம் செய்யச் சட்டம் விடாது. அது "வரக்கூடாதவை"யில இல்லாட்டி எழுதிற ஆள் நல்ல மனசோட அதைத்தான் முதல் போடுவார்.

கிளிநொச்சி_இணையம்

அக்கா சொல்லுறது சரி, ஆனால் கேள்வியளை எங்க எடுக்கிறது? அதுக்குத்தான் கீவேர்ட். கூகிளில "ஒடியல் கூழ்" எண்டு அடிச்சால் கீழ ஆக்கள் தேடினது வரும்.

வவுனியா_எழுத்து

அதையும் பாருங்கோ. ஆனால் இந்தச் சாமானுக்கு அங்க கிடைக்கிறது கொஞ்சம். கடைக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியள்தான் நல்ல இடம். வாங்க முதல் ஆக்கள் என்ன கேக்கினம், வாங்கின பிறகு என்ன முறைப்பாடு சொல்லுகினம், அதுதான் உபதலைப்பு. நீங்கள் சொன்ன முன்னணிக் கட்டுரை இணைப்பை மட்டும் குடுக்காதேங்கோ. குடுத்தால் அதே ஒழுங்கு, அதே பிழை திரும்பி வரும். எங்கட ஆக்களின்ர கட்டுரை ஒண்டைக் குடுத்து "இந்த நடை, இந்த வசன நீளம்" எண்டு சொன்னால் உதவும். பரந்தன் அண்ணை சொன்ன மாதிரி காட்டுறது அந்த அளவில சரி, ஆனால் லேபிளைப் போல இல்லை, எதை மாதிரியா எடுக்கோணும் எண்டு சேர்த்துச் சொல்லோணும்.

டொரன்டோ_முல்லை

நான் இந்த மாவை வாங்கிற ஆள்தான், அதால சொல்லுறன். எனக்கு நன்மை தீமை ஒண்டும் வேண்டாம். மா வண்டு வராமல் எவ்வளவு காலம் இருக்கும், ஃப்ரீசரில வைக்கலாமோ, ஒரு பக்கெட்டில எத்தினை பேருக்குக் கூழ் காய்ச்சலாம், இங்க கிடைக்கிற நண்டும் றாலும் போட்டால் சரியோ எண்டுதான் கேப்பன். ஊறவைக்கிறதைப் பற்றி மேல எழுதினது நல்லது. அம்மா ஒரு மணித்தியாலம் ஊறவைச்சு ஒருக்காத்தான் தண்ணி மாத்துவா.

பரந்தன்_மிளகாய்

ஒருக்காக் காணாது பிள்ளை. பிட்டுக்கு எண்டால் ரெண்டு மூண்டு தரம் மாத்தோணும், இல்லாட்டி வாயில வைக்கேலாது.

டொரன்டோ_முல்லை

பிட்டுக்குச் சரி அண்ணை, நான் கூழைச் சொல்லுறன். கூழுக்கு அவ்வளவு அலசினால் ஒடியல் வாசமே போயிடும். புளியும் உறைப்பும் போட மிச்சக் கச்சல் தெரியாது.

பரந்தன்_மிளகாய்

எங்கட வீட்டில கூழுக்கும் ரெண்டு தரம்தான். பிள்ளையள் குடிக்கோணுமே.

பழைய_கை

பிரீஃபைப் பற்றிக் கேட்ட இழையில கூழ் காய்ச்சுறீங்கள். இவ்வளவு எழுதி, ஒலிப்பதிவும் குடுத்தால் எழுத்தாளருக்கு என்ன வேலை? நீங்களே எழுதிறதுதானே. அதோட இப்பிடிக் கட்டிப்போட்டால் எழுதிறவர் பிரீஃபை வசனமா மாத்தித் தருவார், அவ்வளவுதான்.

வவுனியா_எழுத்து

கடைசியாச் சொன்னதில நியாயம் இருக்கு. பிரீஃபில முழு வசனமா எழுதிக் குடுத்தால் அதை அப்பிடியே திருப்பித் தருவினம், நானும் செய்திருக்கிறன். அதால சரக்கைத் துண்டு துண்டாக் குடுங்கோ, வசனத்தை அவரிட்ட விடுங்கோ. எங்க தொடங்கிறது, எதை முன்னுக்குக் கொண்டு வாறது அவற்ற கையில. உண்மை விபரத்தை மட்டும் அவற்ற ஊகத்துக்கு விடாதேங்கோ.

கூழ்ச் சண்டை உண்மையில இந்தப் பிரீஃபுக்கு உதவும். பாருங்கோ, ஊறவைக்கிறதில வீட்டுக்கு வீடு வித்தியாசம். உங்கட அம்மா சொல்லுறது ஒண்டு, வாங்கிற ஆள் செய்யிறது இன்னொண்டு. கட்டுரை ஒரு முறையைச் சொல்லி "பிட்டுக்கு எண்டால் கூடுதலா மாத்துங்கோ" எண்டு விடுறதோ, ரெண்டையும் சொல்லுறதோ எண்டு நீங்கள் முடிவெடுத்துப் பிரீஃபில எழுதோணும். அதைச் சென்னையில இருக்கிற ஆள் முடிவெடுக்கேலாது.

இன்னொரு விசயம். முழு 1000 சொல்லையும் ஒரேயடியா எழுதச் சொல்லாதேங்கோ. முதல் உபதலைப்புகளுக்கு ஒவ்வொரு வரி விடையும், திறப்புப் பந்தி ஒண்டும் அனுப்பச் சொல்லுங்கோ. பிழையா விளங்கியிருந்தால் அங்கயே தெரியும். "இதில ஏன் நீரிழிவு?" எண்டு அந்த இடத்தில கேக்கிறதுக்கும், முழுக்க எழுதின பிறகு கேக்கிறதுக்கும் எழுதிறவற்ற மனசிலயும் வித்தியாசம் இருக்கு. இந்த இடைநிலை, திருத்தம் எத்தினை தரம், கடைசித் திகதி எல்லாம் காசு பேசேக்கயே சொல்லோணும்.

கிளிநொச்சி_இணையம்

இப்ப வந்த வரைவுக்குக் காசு குடுக்கோணுமோ? பிழையான தகவல் எழுதினவர்தானே.

வவுனியா_எழுத்து

என்னைக் கேட்டால் குடுக்கோணும். கேட்டதைத் தந்திருக்கிறார். ஒடியலும் புழுக்கொடியலும் மாறினதைத் திருத்தித் தரக் கேக்கலாம், அது அவற்ற பொறுப்பு. மிச்சத்தைப் புது பிரீஃபோட புது வேலையாப் பேசுங்கோ.

பழைய_கை

பொருளைப் பற்றி விசாரிக்காமல் எழுதின ஆளுக்கு முழுக் காசு குடுக்கிறது சரியில்லை. இதில நான் மாறமாட்டன்.

ஒட்டுசுட்டான்_பனை

எல்லாருக்கும் நன்றி. மா இடிக்கிற அம்மாவிட்ட ஒலிப்பதிவு எடுத்தாச்சு, கேட்டதுக்கு மேலயும் சொன்னா. அஞ்சு கேள்வியா மாத்திப் புது பிரீஃப் அனுப்பினன், டொரன்டோ அக்கா சொன்ன வண்டும் ஃப்ரீசரும் ஒரு பகுதி. திறப்புப் பந்தி வந்திருக்கு: சட்டியில மா ஊறுற இடத்தில தொடங்குது, பனை பெருமை இல்லை. ஃப்ரீசர் கேள்விக்கு எங்களிட்டயே சரியான விடை இல்லை, அதை எழுதமுதல் ஒரு பக்கெட்டை வைச்சுப் பார்க்கச் சொல்லியிருக்கினம். காசு விசயம் இன்னும் பேசேல்ல.