ஒரே ஆடுகளம், 7 வகுப்பு அணிகள்: லீக் கபடிக்கு அட்டவணை அமைப்பதில் உதவி தேவை

கேள்வி (அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்):
எங்கள் பள்ளியில் 7 வகுப்பு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லா அணிகளுடனும் ஒரு முறை மோதும் வகையில் கபடிப் போட்டி நடத்துகிறோம். ஆடுகளம் ஒன்றுதான். பள்ளி விட்ட பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் 10 நிமிடப் பாதிகளுடன் இரண்டு ஆட்டங்களை முடித்துவிடலாம். படிக்கட்டு முறையில் 1-2, 1-3, 1-4 என்று எழுதி, அதே வரிசையில் தொடங்கினேன். முதல் நாளிலேயே 1-ஆம் அணி இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து ஆடியது. இரண்டாவதில் பாடிப் போன பையன் நடுக்கோட்டைத் தொடக்கூட மூச்சில்லாமல் பிடிபட்டபோது தவறு என்னுடையது என்று புரிந்து, போட்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரே நாளில் எந்த அணியும் இரண்டு முறை ஆடாதபடி எப்படி அமைப்பது?

பதில் 1 (தனியார் பள்ளி விளையாட்டுப் பொறுப்பாளர்):
நாங்கள் 12 அணிகளுக்கு இரண்டு பிரிவு பிரித்து, அரையிறுதி, இறுதி என்று முடிப்போம். உங்களுக்கும் 4, 3 என்று பிரித்தால் 21 ஆட்டங்கள் 12 ஆகக் குறையும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஆனால் எல்லா வகுப்பும் எல்லா வகுப்புடனும் ஆட வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். நாட்கள் கூடுவதில் எனக்குச் சிரமமில்லை.

பதில் 2 (ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர்):
படிக்கட்டு முறை எந்த ஆட்டமும் விடுபடவில்லை என்று சரிபார்க்க நல்லது; ஆடும் வரிசைக்கு உதவாது. அதற்குச் சுழற்சி முறைதான். 7 எண்களையும் வட்டமாக எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு பை, அதாவது ஆட்டமில்லா ஓய்வு, கொடுத்து, அதன் இரு பக்கமும் உள்ள அணிகளை முதலிலும், அவற்றை அடுத்துள்ளவற்றைப் பிறகும், எஞ்சிய இரண்டைக் கடைசியிலும் மோதவிடுங்கள். அடுத்த சுற்றில் பை அடுத்த எண்ணுக்குப் போகும்.

பை 1: 2-7, 3-6, 4-5
பை 2: 3-1, 4-7, 5-6
பை 3: 4-2, 5-1, 6-7
பை 4: 5-3, 6-2, 7-1
பை 5: 6-4, 7-3, 1-2
பை 6: 7-5, 1-4, 2-3
பை 7: 1-6, 2-5, 3-4

சுற்றுக்குள் வரிசையை மாற்றாதீர்கள். இந்த வரிசையில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஒரே அணி வருவதேயில்லை என்பதால், நாளுக்கு இரண்டாக எங்கே வெட்டினாலும் ஒரே நாளில் யாரும் இரு முறை ஆட நேராது.

பதில் 3 (கணித ஆசிரியர்):
முடிந்துபோன 1-2, 1-3 இரண்டையும் அடித்துவிட்டு மீதி 19 ஆட்டங்களை அப்படியே நடத்தலாமே.

கேட்டவர்:
அடித்துப் பார்த்தேன் ஐயா, இடிக்கிறது. 3-1 போனதும் 4-5-க்கு அடுத்து 4-7 வந்து 4-ஆம் அணி தொடர்ந்து ஆட வேண்டியிருக்கிறது. 1-2 போன இடத்தில் 7-3, 7-5 என்று 7-ஆம் அணி மாட்டிக்கொள்கிறது.

பதில் 2:
சரியாகக் கண்டுபிடித்தீர்கள். நடுவிலிருந்து ஓர் ஆட்டத்தை எடுத்தால் அதன் இரு பக்கமும் இருப்பவை ஒட்டிக்கொள்ளும்; மழையால் தள்ளிப்போகும் ஆட்டத்துக்கும் இதே கதிதான். 4-5-ஐ முதல் ஆட்டமாக்கி 4-5, 2-7, 3-6, 4-7 என்று தொடங்குங்கள். பின்னால் 7-5, 1-4 இரண்டையும் இடம் மாற்றினால் 6-4, 7-3, 1-4, 7-5, 2-3 என்று வரும். மற்றவற்றைத் தொட வேண்டாம். 9 நாட்களில் 18 ஆட்டங்கள் முடியும். பத்தாம் நாள் 3-4 மட்டுமே என்பதால், தள்ளிப்போன ஓர் ஆட்டத்தை அன்று வைக்கலாம். அதில் 3, 4 இரண்டில் எதுவும் இருக்கக் கூடாது.

பதில் 3:
நான் கவனிக்கவில்லை, நன்றி. ஒரு கவலை மட்டும் இருக்கிறது. கடைசியாக ஆடும் 3, 4 அணிகளுக்கு எத்தனை புள்ளி வித்தியாசம் தேவை என்பது முன்பே தெரிந்துவிடும். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், 1-0 என்றால் இரண்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று தெரிந்த பிறகு, அதற்கு மேல் முயலாமல் ஆடி முடித்தன. அதற்குப் பின் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஒரே ஆடுகளத்தில் அதற்கு வழியில்லையே?

பதில் 2:
முழுத் தீர்வு இல்லை. சமநிலை வந்தால் புள்ளி வித்தியாசத்துக்கு முன் நேருக்கு நேர் முடிவைப் பாருங்கள். ஓரளவு குறையும். மூன்று அணிகள் ஒன்றையொன்று வென்று சமமாக நின்றால் அதுவும் கை கொடுக்காது.

கேட்டவர்:
நாளை பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறேன். நேருக்கு நேர் விதியை இரண்டு ஆட்டம் முடிந்த பிறகு சேர்ப்பது முறையா என்று வகுப்பு ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும்.