double போட்டும் சராசரி 79.0 ஏன்?

பீனிக்ஸ்_தம்பி:
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் மதிப்பெண் அட்டையில் ஒரு பையனுக்குச் சராசரி 79.0 என்று வந்திருக்கிறது. என் ஜாவா புரோகிராமில் average-ஐ நான் தசம எண் வைக்கும் double என்றுதான் அறிவித்திருக்கிறேன். அதனால் புள்ளிக்குப் பின்னால் எதுவும் விட்டுப்போக வழியே இல்லை. கால்குலேட்டரோடு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_அப்பா:
அது என் பையன். 78, 80, 81. கூட்டினால் 239, மூன்றால் வகுத்தால் 79.67. அட்டையில் முழு எண்ணாகத்தானே எழுதுகிறோம்? அப்படியானால் அது 80. 80 என்றால் எல்லாவற்றிலும் உயர்ந்த ஏழாம் நிலை. நீங்கள் ஆறாம் நிலை என்று கொடுத்துவிட்டீர்கள். பையன் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

பீனிக்ஸ்_தம்பி:
ஐயா, நான் கையால் போட்ட கணக்கில்லை இது. ஜாவா போட்டது. இதோ வரி:

```java
int total = 78 + 80 + 81;
double average = total / 3;
System.out.println(average);
```

double என்று கண்ணுக்கு நேரே இருக்கிறது.

மெர்பேங்க்_டீச்சர்:
தம்பி, double இருக்கிறது. ஆனால் தாமதமாக வருகிறது. ஜாவா முதலில் வலது பக்கத்தை முடிக்கும். அங்கே total முழு எண், 3 முழு எண். இரண்டும் முழு எண் என்றால் விடையும் முழு எண்தான், அதனால் .67 அங்கேயே வெட்டுப்பட்டுவிட்டது. மிச்சமுள்ள 79தான் average-க்குள் போகிறது, போன பிறகு 79.0 ஆகிறது. பாலைக் கொட்டிவிட்டுப் பெரிய பாத்திரம் எடுத்து வந்தால் பால் திரும்புமா?

இதைக் கண்டுபிடிக்கப் புரோகிராம் தெரிய வேண்டியதில்லை. அட்டையைப் பாருங்கள். வகுப்பில் 22 பேர், 22 பேருக்கும் சராசரி .0 என்று முடிகிறது. எல்லாருடைய கூட்டுத்தொகையும் மூன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறதா? அதைப் பார்த்த உடனேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பீனிக்ஸ்_தம்பி:
சரி அக்கா, வலது பக்கத்திலும் double போட்டுவிட்டேன். இப்போதும் 79.0தான். இனி என்ன சொல்வீர்கள்?

```java
double average = (double) (total / 3);
```

மெர்பேங்க்_டீச்சர்:
அடைப்புக்குறியைப் பாருங்கள். உள்ளே இருப்பதை முதலில் முடித்துவிட்டுத்தான் double-ஆக மாற்றுகிறது. திரும்பவும் அதே தாமதம். அடைப்புக்குறியை எடுத்துவிட்டு `(double) total / 3` என்று எழுதுங்கள், அப்போது total முதலில் மாறும். அல்லது `total / 3.0`. இரண்டு பக்கத்தில் ஒன்று தசம எண்ணாக இருந்தால் போதும்.

வெருலம்_ஐயா:
நீங்கள் எல்லாரும் எதற்கு இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? எனக்கும் எக்செலில் இதே தொல்லை வந்தது. கட்டத்தில் 80 என்று காட்டுகிறது, பக்கத்தில் நிலை 6 என்று வருகிறது. வைரஸ் என்று நினைத்து மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதேதான்.

மெர்பேங்க்_டீச்சர்:
ஐயா, அது இதற்கு நேர் எதிர். எக்செல் 79.67-ஐ உள்ளே அப்படியே வைத்திருக்கிறது. தசமம் காட்டாதே என்று நீங்கள் கட்டத்தை அமைத்திருப்பதால் கண்ணுக்கு மட்டும் 80 என்று காட்டுகிறது. 80 அல்லது அதற்கு மேலா என்று IF கேட்கும்போது உள்ளே இருக்கும் 79.67-ஐத்தான் பார்க்கும். ROUND போட்டால் சரியாகும். இங்கே தம்பியின் புரோகிராமில் 79.67 என்ற எண் எந்த இடத்திலுமே பிறக்கவில்லை.

வெருலம்_ஐயா:
ஆக, கம்ப்யூட்டர்தான் தப்பு என்று நான் சொன்னது சரி.

டோங்காட்_டெல்ஃபி:
இதெல்லாம் ஜாவாவின் வினை. நாங்கள் பள்ளியில் படித்த டெல்ஃபியில் `/` என்றால் எப்போதும் தசம விடை, முழு எண் வேண்டுமென்றால் `div`. தம்பி எழுதியதை அங்கே எழுதினால் 79.67 வந்திருக்கும். விடையை Integer-இல் போடப் பார்த்தால் கம்பைலரே மறுத்துவிடும். ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்த ஜாவாவைக் கேளுங்கள்.

பீனிக்ஸ்_தம்பி:
டெல்ஃபி பெருமை வேண்டாம் அண்ணா. உங்கள் Round 72.5-ஐ 72 என்று சொல்லும். 73.5-ஐ 74 என்று சொல்லும். அரை வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடும். ஜாவாவின் Math.round 72.5-க்கு ஒழுங்காக 73 கொடுக்கும். யாருடைய பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது இப்போது?

டோங்காட்_டெல்ஃபி:
மூன்று தேர்வுக்கு அரை எங்கே வரும் தம்பி? முழு எண் கூட்டுத்தொகையை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று அல்லது இரண்டு, அதாவது .33 அல்லது .67தான். இரண்டு தேர்வோ நான்கு தேர்வோ வைத்தால்தான் நீங்கள் சொல்லும் அரை வரும். அது இங்கே பேச்சே இல்லை.

பீனிக்ஸ்_தம்பி:
சரி, Math.round போட்டு எல்லாருக்கும் திருத்தி விடுகிறேன். பிரச்சினை முடிந்தது.

```java
average = Math.round(total / 3);
```

மெர்பேங்க்_டீச்சர்:
முடியவில்லை தம்பி. ஓட்டிப் பார்த்தீர்களா? total / 3 மறுபடியும் 79. அதை முழு எண்ணாக்கினால் 79தான். கம்பைலரும் உங்களை எச்சரிக்காது, ஏனென்றால் எழுத்தில் ஒரு குறையும் இல்லை. `Math.round(total / 3.0)` என்று எழுதினால்தான் 80 வரும். நான் மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், வகுக்கும் இடத்தில் மாற்றுங்கள்.

பீனிக்ஸ்_தம்பி:
அக்கா, உங்களுக்கு என் புரோகிராம் என்றாலே குறைதான். போன வருஷமும் இப்படித்தான்.

மெர்பேங்க்_டீச்சர்:
போன வருஷத்தை நீங்களே எடுத்துவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடிக்கு 430 பேர் சாப்பாடு. ஒரு அண்டாவுக்கு 50 பேர். உங்கள் புரோகிராம் 430 / 50 என்று வகுத்து 8 அண்டா என்றது. எட்டு அண்டா 400 பேருக்குத்தான். கடைசி 30 பேருக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப்போய் ரொட்டி வாங்கி வந்தோம். அங்கே வேண்டியது மேல் எண். (430 + 49) / 50 என்று போட்டிருந்தால் அதே முழு எண் வகுத்தலே 9 என்று சொல்லியிருக்கும். முழு எண் வகுத்தல் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. எங்கே வெட்டும் என்று தெரிந்து எழுதுங்கள் என்கிறேன்.

பீனிக்ஸ்_தம்பி:
அன்று சொல்லாமல் வந்தவர்கள் அதிகம். 430 என்ற எண்ணே தப்பு.

மெர்பேங்க்_டீச்சர்:
பதிவு ஏட்டில் 430 இருக்கிறது. என் கையெழுத்தில்.

வெருலம்_ஐயா:
அந்த ரொட்டிக்கு நான் கொடுத்த பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

டோங்காட்_டெல்ஃபி:
டெல்ஃபியில் எழுதியிருந்தால் 8.6 என்று வந்திருக்கும், யாராக இருந்தாலும் 9 என்று புரிந்துகொண்டிருப்பார்கள்.

சாட்ஸ்வொர்த்_அப்பா:
அண்டா, ரொட்டி எல்லாம் இருக்கட்டும். என் பையன் 79-ஆ 80-ஆ?

பீனிக்ஸ்_தம்பி:
அட்டை எல்லாருக்கும் அச்சாகிப் போய்விட்டது ஐயா. ஒருவருக்கு மாற்றினால் 22 பேருக்கும் மாற்ற வேண்டும். double போட்டது double-தான், நான் அதில் நிற்கிறேன்.

மெர்பேங்க்_டீச்சர்:
22 பேருக்கும் மாற்றத்தான் வேண்டும். 149 எடுத்த பெண்ணுக்கு 49.67 வருகிறது, அவளுக்கு 49 என்று போட்டு நான்காம் நிலைக்குப் பதில் மூன்றாம் நிலை கொடுத்திருக்கிறீர்கள். அவள் அம்மா இன்னும் இதைப் பார்க்கவில்லை. இன்று இரவு மூலக் கோப்பை எனக்கு அனுப்புங்கள்.

பீனிக்ஸ்_தம்பி:
கோப்பு என்னுடையது. அனுப்ப மாட்டேன்.