பாதி ஆரையில் விழும் புள்ளி எதனுடையது? உதவி தேவை

வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். திணிவு நிறமாலைமானிக் கணக்கு ஒன்றில் சிக்கி நிற்கிறேன்.

வேகத் தேர்வியில் மின்புலம் 60,000 V/m, காந்தப்புலம் 0.40 T. மின்விசையும் காந்தவிசையும் சமப்படும் அயன்கள் மட்டுமே நேராகச் செல்வதால் v = E/B = 150,000 m/s. அடுத்த அறையில் காந்தப்புலம் 0.50 T; அங்கே r = mv/qB. ஓரேற்றம் கொண்ட நியோன் 20இன் ஆரை ஏறத்தாழ 6.2 cm, நியோன் 22இனது 6.8 cm. வேகம் ஒன்றே என்பதால் ஆரை திணிவுக்கு நேர்விகிதம். இதுவரை தெளிவு.

ஒரு மாணவி கேட்டாள்: "இரண்டு இலத்திரன்களை இழந்த நியோனும் தேர்வியைத் தாண்டுமா, சேர்?" தாண்டும், E/B இல் ஏற்றமே இல்லை. ஆனால் ஆரை பாதியாகி, புள்ளிகள் 3.1, 3.4 cm ஆரைகளுக்குரிய இடங்களில் விழும். ஓரேற்ற போரன் 10, 11 விழும் இடங்களும் அவையே! ஆரை m/q ஐ மட்டுமே சொல்கிறது.

புள்ளிகளின் கருமையை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என நினைக்கிறேன். நியோனில் இலேசான சமதானியே மிக அதிகம். போரனில் பாரமான 11. இரண்டும் கலந்திருந்தால்? அயனாக்கும் இலத்திரன்களின் சக்தியைக் குறைத்தால் ஈரேற்றப் புள்ளிகள் மட்டும் மறையுமா? இக்கருவியை இயக்கியவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.