எல்லையை மாற்றாமல் போட்டால் 4, மாற்றினால் 156

கயல்12:
கீழே உள்ள கணக்கில் u = x² + 1 என்று பிரதியிட்டேன். 2x dx அப்படியே du ஆகிவிட்டது. எனக்கு 4 வருகிறது, புத்தகத்தில் 156 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

```
∫₀² 2x(x²+1)³ dx = ∫₀² u³ du = [u⁴/4]₀² = 4
```

கரும்பலகை:
புத்தகம் சரி. நீங்கள் எழுதிய 0, 2 இரண்டும் x-இன் எல்லைகள். x 0-இல் இருக்கும்போது u ஏற்கெனவே 1-இல் நிற்கிறது. x 2-ஐத் தொடும்போது u 5-இல் இருக்கிறது. ஆகவே u³-ஐ 1 முதல் 5 வரை தொகையிட வேண்டும்: (625 − 1)/4 = 156.

4 வந்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். x = 1-இல் சார்பின் மதிப்பு 2 × 8 = 16, அதன்பின் ஏறிக்கொண்டேதான் போகிறது. 1 முதல் 2 வரையுள்ள பகுதியின் பரப்பே 16-ஐத் தாண்டிவிடும்.

பழைய_சிலேட்டு:
இதற்கு எதற்கு எல்லையை மாற்றுகிற வேலை? தொகையிட்டு முடித்ததும் u இருந்த இடத்தில் x² + 1-ஐத் திரும்பப் போட்டு, பழைய 0, 2-ஐயே இடு அம்மா. முப்பது வருடமாக இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

```
∫₀² u³ du = [u⁴/4]₀² = [(x²+1)⁴/4]₀² = 156
```

கரும்பலகை:
விடை சரிதான் ஐயா, ஆனால் வழியில் ஒரு பொய் இருக்கிறது. முதல் இரண்டு கோவைகளின் மதிப்பு 4, மூன்றாவதன் மதிப்பு 156, நடுவில் சமக்குறி. இந்தப் பெண் செய்ததும் இதே வரிதான். நீங்கள் x-க்குத் திரும்பினீர்கள், அவர் நடுவழியில் நின்றுவிட்டார். திரும்புவதானால் எல்லையே இல்லாமல் தனியாகத் தொகையிட்டுவிட்டுக் கடைசியில் 0, 2-ஐப் போடுங்கள். அல்லது அடியில் `x=0`, மேலே `x=2` என்று பெயரோடு எழுதுங்கள்.

பழைய_சிலேட்டு:
பெயரோடு எழுதலாம், ஒப்புக்கொள்கிறேன். முறையை மாற்ற மாட்டேன்.

கயல்12:
போன வாரம் 0 முதல் 1 வரை 2x e^(x²) கேட்டார்கள். u = x² என்று போட்டு எல்லையைத் தொடவே இல்லை. e − 1 வந்தது, முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. அது மட்டும் எப்படி?

கரும்பலகை:
0-இன் வர்க்கம் 0, 1-இன் வர்க்கம் 1. எல்லை மாறியது, மாறியும் அதே எண்ணாக வந்து உட்கார்ந்துகொண்டது. மேல் எல்லை 3 என்று இருந்திருந்தால் அன்றே மாட்டியிருப்பீர்கள். 0, 1 உள்ள கணக்காகவே பயிற்சி கொடுப்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

சைக்கிள்மணி:
கல்லூரி முதலாண்டில் நான் எல்லையை ஒழுங்காக மாற்றியும் பூஜ்ஜியம் வாங்கினேன். கணக்கு, 0 முதல் 3 வரை x√(x+1). u = x + 1, எல்லை 1 முதல் 4. மீதி இருந்த x, u-வில் சேராததால் மாறிலி என்று வெளியே எடுத்துவிட்டேன். விடை 14x/3. அப்படியானால் எல்லையை மாற்றி மட்டும் என்ன பயன்?

கரும்பலகை:
எல்லை சரி, உள்ளே பழைய மாறி தங்கிவிட்டது. u நகரும்போது x-உம் கூடவே நகர்கிறது, அது மாறிலி ஆகாது. x = u − 1 என்று எழுதினால்:

```
∫₁⁴ (u−1)√u du = 62/5 − 14/3 = 116/15
```

எல்லைகள் எண்ணாக இருக்கும் தொகைக்கு விடையும் எண்தான். 14x/3-இல் x தெரிந்தபோதே பேனாவை வைத்திருக்க வேண்டும்.

சைக்கிள்மணி:
அன்று அதற்கு அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டிருந்தேன்.

பழைய_சிலேட்டு:
இருவர் கதையிலும் புது மாறியிலேயே முடிக்கப் பார்த்ததுதான் வினை.

கரும்பலகை:
அப்படியானால் 0 முதல் 2 வரை √(4 − x²)-ஐ உங்கள் வழியில் போடுங்கள். x = 2 sin θ என்றால் எல்லை 0 முதல் π/2; 4cos²θ-ஐத் தொகையிட்டால் π, அதாவது ஆரம் 2 உள்ள வட்டத்தில் கால் பங்கு. x-க்குத் திரும்பினால் sin⁻¹(x/2)-உம் ஒரு வர்க்கமூலமும் எழுதி, அதே இரண்டு எண்களை மறுபடி இட வேண்டும்.

பழைய_சிலேட்டு:
எழுதுவேன், கை வலிக்காது. உங்களை ஒன்று கேட்கிறேன். x = 0-க்கு θ = π-யும் பொருந்துகிறதே? கீழ் எல்லையை π என்று ஒரு பையன் வைத்துக்கொண்டு, வர்க்கமூலத்தை 2 cos θ என்றே எழுதினால் விடை −π. எல்லையை மாற்றினால் போதும் என்றீர்களே.

கரும்பலகை:
அந்தப் பக்கத்தில் cos θ எதிர்மம், ஆகவே வர்க்கமூலம் −2 cos θ. குறியைக் கவனித்தால் π-யிலிருந்து தொடங்கினாலும் π-தான் வரும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் அதைக் கவனிக்கச் சொல்லி யாரும் நிற்பதில்லை என்பதை மறுக்க மாட்டேன்.

கயல்12:
நான் 0-வையே எடுத்துக்கொள்கிறேன்.